பில் போடுபவரும் அறிக்கை எடுப்பவரும் மோதாமல் இருக்க

ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். காலை 11 மணி. கவுன்டரில் ஆறு பேர் பில் போடுகிறார்கள். மாடியில் கணக்காளர் மாத இருப்பு அறிக்கையை ஓட்டிவிடுகிறார். சிறிது நேரத்தில் கவுன்டரில் 'சிஸ்டம் தொங்குது' என்ற குரல் எழுகிறது. சர்வர் கெட்டுப்போகவில்லை, நெட்வொர்க்கும் சரியாகவே இருக்கிறது. படிப்பவரும் எழுதுபவரும் ஒரே பதிவின் முன்னால் நின்று ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்கள்.

மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வரை நிறுவியபடியே பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். பில் போடும்போது அந்த மருந்தின் இருப்புப் பதிவின்மேல் ஒரு பூட்டு விழுகிறது. பில் முழுதாகப் பதிவாகும் வரை அது விலகாது. அறிக்கை அந்தப் பதிவுக்கு வந்தால் நின்றுவிடும். அறிக்கையும் தான் படிக்கும் இடத்தில் ஒரு பூட்டைப் போடுகிறது. அது பொதுவாகச் சிறிது நேரத்துக்குத்தான் என்றாலும், பெரிய அறிக்கை சில சமயம் பதிவு பதிவாகப் பூட்டாமல், பல பதிவுகள் அடங்கிய 8 கிலோபைட் பக்கத்தையே பூட்டும். அந்தப் பக்கத்தில் எழுத வரும் பில்லும் நிற்கும்.

சில நேரம் சிக்கல் முற்றிவிடும். அறிக்கை ஓர் இன்டெக்ஸ் வரியைப் பூட்டியபடி, அதற்குரிய பதிவைத் தேடிப் போகிறது. பில்லோ அந்தப் பதிவை ஏற்கெனவே பூட்டிவிட்டு, அதே இன்டெக்ஸ் வரியை மாற்ற வருகிறது. இருவருமே நகர முடியாது. டேட்டாபேஸ் ஒருவரை வெளியேற்றுகிறது. திரையில் 1205 என்ற பிழை எண் வரும். எதை ரத்து செய்தால் இழப்பு குறைவோ அதைத்தான் அது தேர்ந்தெடுக்கும் என்பதால், பெரும்பாலும் பலியாவது அறிக்கைதான்.

இதிலிருந்து தப்பிக்கப் பலர் கையாளும் குறுக்கு வழி, கேள்விகளில் `NOLOCK` என்று சேர்ப்பது. அப்போது அறிக்கை காத்திருக்காது. ஆனால் பாதியில் இருக்கும் பில்லையும், பிறகு ரத்தாகப்போகும் பில்லையும் அது படித்துவிடும். ஒரே பதிவை இருமுறை எண்ணவும், ஒன்றை விட்டுவிடவும்கூடச் செய்யும். கணக்கு சொல்ல வேண்டிய அறிக்கைக்கு இது ஆகாது.

சரியான வழி எஸ்க்யூஎல் சர்வர் 2005 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு கட்டளை:

```sql
ALTER DATABASE BillingDB SET READ_COMMITTED_SNAPSHOT ON;
```

இதற்குப் பிறகு ஒரு பதிவை மாற்றும்போது, மாற்றத்துக்கு முந்தைய பிரதியை டேட்டாபேஸ் தனியே எடுத்து வைக்கிறது. புதிய பதிவோடு 14 பைட் நீளக் குறிப்பு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மாற்றத்தைச் செய்தது எந்தப் பரிவர்த்தனை, பழைய பிரதி எங்கே இருக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்கும். அறிக்கை வந்து, 'இது இன்னும் முடியாத பில்' என்று கண்டால், குறிப்பைப் பிடித்துப் போய்ப் பழைய பிரதியைப் படித்துக்கொள்ளும். அதாவது, அறிக்கையின் கேள்வி தொடங்கிய கணத்தில் உறுதியாகியிருந்த தகவல்தான் அதற்குக் கிடைக்கும். அதற்குப் பூட்டு வேண்டியதில்லை. பில்லும் அதற்காகக் காத்திருக்காது.

இந்தப் பழைய பிரதிகள் இருக்கும் இடம் `tempdb` என்ற தற்காலிகச் சேமிப்பு. அந்த சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸ்களுக்கும் அது பொதுவானது. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு துப்புரவு வேலை ஓடி, இனி யாருக்கும் தேவைப்படாத பிரதிகளை அகற்றும். 'யாருக்கும் தேவைப்படாத' என்ற நிபந்தனையில்தான் செலவு ஒளிந்திருக்கிறது. திறந்திருக்கும் பரிவர்த்தனைகளில் மிகப் பழையது முடியாத வரை, அது தொடங்கிய பிறகு சேர்ந்த பிரதிகளை அகற்ற முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு மைக்ரோசாப்ட் ஒரு தோராயக் கணக்கு தருகிறது. நிமிடத்துக்குச் சேரும் பிரதிகளின் அளவை, மிக நீண்ட பரிவர்த்தனை ஓடும் நிமிடங்களால் பெருக்கி, அதை இரட்டிப்பாக்க வேண்டும். நம் கடையில் நிமிடத்துக்கு 20 மெகாபைட் சேருவதாகவும், அறிக்கை 40 நிமிடம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், 2 × 20 × 40 = 1,600 மெகாபைட். இது பெரிய இடமில்லை.

இப்போது இன்னொன்றைப் பாருங்கள். ஓர் ஊழியர் இருப்பைத் திருத்த ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, ஒரு பதிவை மாற்றிவிட்டு, முடிக்காமலேயே ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகிறார். அது 10 மணி நேரம் அப்படியே நிற்கிறது. கடையில் பில் போடும் வேகம் அதேதான். ஆனால் கணக்கு 2 × 20 × 600, அதாவது 24,000 மெகாபைட். இடத்தைப் பதினைந்து மடங்காக்கியது வியாபாரம் அல்ல, முடியாமல் நின்ற ஒரே ஒரு வேலை. அது அதே சர்வரில் உள்ள வேறொரு டேட்டாபேஸில் நின்றிருந்தாலும் துப்புரவு தடைபடும். (2019 பதிப்பில் வந்த ஒரு வசதியை இயக்கினால், பிரதிகள் அந்தந்த டேட்டாபேஸுக்குள்ளேயே தங்கும்.)

`tempdb` நிரம்பிவிட்டால் பில் போடுவது உடனே நிற்பதில்லை. டேட்டாபேஸ் முதலில் பிரதிகளைச் சுருக்கப் பார்க்கும். அதற்காக நீண்ட நேரம் ஓடும் சிலவற்றை பலி கொடுக்கும். அப்படியும் இடம் கிடைக்காவிட்டால், எழுதுவது தொடரும், பிரதி எடுப்பது நின்றுவிடும். அந்தப் பிரதியைத் தேடிவரும் அறிக்கை 3958 என்ற பிழையோடு முறியும். அறிக்கைகள் மட்டும் திடீரென விழத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடத்தைப் பிடித்துவைத்திருப்பவரைக் கண்டுபிடிக்க இது போதும்:

```sql
SELECT session_id, elapsed_time_seconds
FROM sys.dm_tran_active_snapshot_database_transactions
ORDER BY elapsed_time_seconds DESC;
```

முதல் வரியில் வருபவர் ஆயிரக்கணக்கான வினாடிகளாக நின்றிருந்தால், டிஸ்க் வாங்குவதற்கு முன் அவரிடம் பேசுங்கள். எந்த டேட்டாபேஸ் எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்பதை `sys.dm_tran_version_store_space_usage` காட்டும்.

இடத்தைத் தவிர இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு மருந்து கடைசி 10 பெட்டிதான் இருக்கிறது. முதல் பில் அந்தப் பத்தையும் எடுத்துவிட்டது, ஆனால் இன்னும் பதிவாகவில்லை. இரண்டாவது கவுன்டர் இருப்பைக் கேட்கிறது. பழைய முறையில் அது காத்திருந்து 0 என்று பார்த்திருக்கும். புதிய முறையில் காத்திருக்காமல் 10 என்ற பழைய எண்ணைப் பார்த்து, இல்லாத மருந்துக்கும் பில் போட்டுவிடலாம். முதலில் படித்து, பிறகு முடிவெடுத்து, அதன்பின் எழுதும் நிரல்கள் எல்லாவற்றையும் இதற்காகச் சோதிக்க வேண்டும். சோதனையை எழுதும் கட்டளைக்குள்ளேயே வைத்துவிட்டால் தீர்ந்தது:

```sql
UPDATE Stock SET Qty = Qty - 10
WHERE ItemId = 57 AND Qty >= 10;
```

இருவர் ஒரே பதிவை எழுத வந்தால் இந்த முறையிலும் இரண்டாமவர் காத்திருப்பார். காத்திருந்து, புதிய எண்ணை வைத்தே நிபந்தனையைப் பார்ப்பார். எத்தனை பதிவுகள் மாறின என்பது 0 என்று திரும்பி வந்தால், 'இருப்பில்லை' என்று நிரல் சொல்ல வேண்டும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் இத்தகைய நிரல்களைத் திருத்துங்கள். பிறகு உங்கள் மிக நீண்ட பரிவர்த்தனையை அளந்து, கணக்குப் போட்டு `tempdb`-க்கு இடம் ஒதுக்குங்கள். மேலே சொன்ன `ALTER DATABASE` கட்டளை, அந்த டேட்டாபேஸில் வேறு யாரும் இணைந்திருந்தால் காத்துக்கொண்டே நிற்கும். அதனால் கடை மூடிய பிறகு கொடுங்கள். மறுநாள் முதல், அறிக்கை ஓடும் நேரத்தில் `tempdb` எவ்வளவு ஏறி, முடிந்ததும் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஏறியது இறங்காமல் நின்றால், யாரோ எதையோ முடிக்காமல் விட்டிருக்கிறார் என்று பொருள்.