மெண்டலே என்றொரு பெயர்

பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்று ராகேல் கேட்கிறாள். மகள் ராயா இரண்டு பெயர்களைச் சொல்கிறாள். பெண்ணானால் ஓஸ்னாத், ஆணானால் எகுத். தாத்தாவின் ஆசை வேறு என்கிறாள் ராகேல். ஆண் பிறந்தால் மெண்டலே என்று வைக்கவேண்டுமாம். முதலில் வேடிக்கை என்று நினைத்த ராயா, அம்மா மெய்யாகவே கேட்கிறாள் என்று தெரிந்ததும் கொதித்துப்போகிறாள்.

இஸ்ரேலிய எழுத்தாளர் அகரோன் மெகெட் 1950களில் ஹீப்ரு மொழியில் எழுதிய 'யாத் வஷேம்' சிறுகதையின் நடுப்பகுதி இது. ஆங்கிலத்தில் 'தி நேம்' என்ற தலைப்பில் படிக்கக் கிடைக்கிறது. மெகெட் 1920இல் போலந்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் பாலஸ்தீனத்துக்கு வந்தவர். ராயாவின் தலைமுறை அவருக்கு அந்நியமானதல்ல.

மெண்டலே யார்? முதியவர் சிஸ்கிண்டின் மகன் வயிற்றுப் பேரன். ராகேலுக்கு அண்ணன்தம்பி பிள்ளை. உக்ரைனிலிருந்த அவர்களுடைய ஊரை நாஜிகள் அழித்தபோது, பன்னிரண்டு வயதில் கொல்லப்பட்டவன். ராயாவும் அவள் கணவன் யெகுதாவும் மாதம் ஒருமுறை தாத்தாவைப் பார்க்கப் போவார்கள். ஒவ்வொரு முறையும் அழிந்த ஊருக்கான அதே புலம்பல், அதே பேரனின் நினைவு. பேத்தி மரியாதைக்காக உட்கார்ந்திருப்பாள், மனம் ஒட்டாது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் இறந்தவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைப்பது வழக்கம். உயிரோடிருப்பவர் பெயரை வைக்கமாட்டார்கள். ஆண் குழந்தைக்குப் பெயர் சூட்டுவது எட்டாம் நாள், விருத்தசேதனச் சடங்கின்போது. அதனால் தாத்தா கேட்டதில் புதுமை எதுவும் இல்லை. பிள்ளை விட்டுச்செல்லாமல் போன சிறுவனுக்கு, பெயரையாவது தாங்க ஒருவன் வேண்டும் என்கிறார்.

அப்படியானால் ராயா ஏன் மறுக்கிறாள்? மெண்டலே என்பது இத்திஷ் மொழியின் செல்லப்பெயர். 1948இல் உருவான நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இத்திஷ் என்றாலே அடைபட்ட சேரி, அடங்கிப்போன வாழ்க்கை. நாட்டின் முதல் பிரதமரே க்ரூன் என்ற குடும்பப்பெயரை விட்டு பென் குரியன் ஆனவர். இளம் பெற்றோர் பைபிள் காலத்துப் பெயர்களைத் தேடினார்கள். எகுத், நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் வீரன். மெண்டலே என்று கூப்பிட நேர்ந்தால் பெற்ற பிள்ளையையே வெறுத்துவிடுவேன் என்கிறாள் ராயா. கொடூரமான பேச்சுதான். ஆனால் தன் பிள்ளை ஒரு பிணத்தின் நிழலில் வளரக்கூடாது என்ற தாயின் பயமும் அதில் இருக்கிறது.

கதையில் எனக்கு மிக நெருக்கமானவள் ராகேல். அவள் அந்த முதியவரின் மகள், இந்தப் பெண்ணின் தாய், பிறக்கப்போகும் குழந்தையின் பாட்டி. இறந்தவன் அவளுக்கும் சொந்தம். மகளிடம் கெஞ்சிப் பார்க்கிறாள். பிறகு ஒரு நடுவழி சொல்கிறாள். மெனாகேம் என்று வைக்கலாமே? அதே பெயரின் ஹீப்ரு வடிவம். பள்ளியில் யாரும் சிரிக்கமாட்டார்கள். நம் வீடுகளில் இப்படிப்பட்ட சமரசம் பல தொட்டில்களைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே பலிக்கவில்லை. முதியவருக்கு வேண்டியது அவர் வாயால் கூப்பிட்டுப் பழகிய அதே பெயர். எதிரி தொடங்கியதை நீங்கள் முடித்துவைக்கிறீர்கள் என்று பேத்தியிடமே சொல்லிவிடுகிறார். ஏறத்தாழ அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட சில ஆண்டுகளுக்குள் இந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆண் குழந்தை பிறக்கிறது. எகுத் என்றே பெயர் வைக்கிறார்கள். குழந்தையைத் தாத்தாவிடம் எடுத்துப்போகிறார்கள். அவருக்கும் குழந்தைக்கும் இடையே எதுவும் கூடிவரவில்லை. வெளியே வந்ததும் ராயாவின் கண் கலங்குகிறது. தாயும் தகப்பனும் பக்கத்திலிருக்க, தன் பிள்ளை அநாதை போல அவளுக்குத் தோன்றுகிறது. பெயரை வென்றவள் எதை இழந்தாள் என்று மெகெட் விளக்க வரவில்லை. கதையின் பெரிய பலம் அதுதான்.

கதையின் ஹீப்ருத் தலைப்பு, ஜெருசலேமிலுள்ள நினைவகத்தின் பெயரும்கூட. 1953இல் தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்நிறுவனம், கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டிவைக்கிறது. உறவினர்கள் ஆளுக்கொரு படிவம் நிரப்பித் தருகிறார்கள்: பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், இறந்த விதம். ஊரோடு குடும்பமே அழிந்த பலருக்குப் படிவம் எழுதக்கூட ஆள் மிஞ்சவில்லை.

ராயாவை நான் குற்றவாளி ஆக்கமாட்டேன். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றவளுடையது. ஆனால் மெண்டலே யார், எப்படிச் சிரித்தான் என்று தாத்தாவிடம் அவள் ஒருநாளாவது தானாகக் கேட்டிருக்கலாம். மறுத்ததில் தவறில்லை, கேட்காமல் மறுத்ததுதான் தவறு.