ஒரு பிட் மாறினால் ஒரு விளிம்பு

0, 1 ஆகிய இலக்கங்களை மட்டும் கொண்டு, ஒரே நீளத்தில் எழுதக்கூடிய சரங்கள் அனைத்தையும் முனைகளாகக் கொள்ள வேண்டும். இரண்டு சரங்கள் சரியாக ஓர் இடத்தில் மட்டும் வேறுபட்டால் அவற்றை ஒரு விளிம்பால் இணைக்க வேண்டும். இப்படிக் கிடைப்பதே மீக்கனசதுரக் கோட்டுரு. சரத்தின் நீளம் 2 என்றால் சதுரமும், 3 என்றால் கனசதுரத்தின் சட்டமும் வரும். அதற்கு மேல் படமாக வரைவது கடினம். ஆனால் சரங்களே போதும், படம் தேவையில்லை.

அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் 1983-ல் இயங்கத் தொடங்கிய காஸ்மிக் கியூப் கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் 64 சிறு கணினிகள் இருந்தன. 64 என்பது 2-ஐ ஆறு முறை பெருக்கினால் வருவது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஆறு பிட் நீளமுள்ள முகவரி கொடுக்கலாம். ஒரு முகவரியில் மாற்றக்கூடிய இடங்கள் ஆறு என்பதால், ஒவ்வொரு கணினிக்கும் நேரடி அண்டைகள் ஆறு. முனையின் படி எப்போதும் சரத்தின் நீளமே. எந்த முனைக்கும் கூடுதலோ குறைவோ கிடையாது.

விளிம்புகளின் எண்ணிக்கையும் இதிலிருந்தே கிடைக்கிறது. 64 முனைகளிலிருந்தும் ஆறு ஆறாக எண்ணினால் 384. ஒவ்வொரு விளிம்பும் அதன் இரு முனைகளிலிருந்தும் எண்ணப்பட்டுவிட்டதால் அதில் பாதி, அதாவது 192 இணைப்புகள். நீளம் n என்றால் முனைகள் 2ⁿ, விளிம்புகள் n·2ⁿ⁻¹.

010110 என்ற கணினியிலிருந்து 110011-க்குச் செய்தி போக வேண்டும் என்று கொள்வோம். முதல், நான்காம், ஆறாம் இடங்களில் வேறுபாடு உள்ளது. 010110 → 110110 → 110010 → 110011 என மூன்று தாவலில் செய்தி சேர்ந்துவிடும். இந்தப் பாதையில் உள்ள 1-களை எண்ணினால் 3, 4, 3, 4 என்று ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகின்றன. ஒரு பிட் மாறும்போது 1-களின் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும்; அதே நிலையில் நிற்க வழியில்லை.

ஆகவே 1-கள் இரட்டைப்படையாக உள்ள சரங்கள் ஒரு கூறு, ஒற்றைப்படையாக உள்ளவை மறு கூறு. ஒவ்வொரு விளிம்பும் ஒரு கூறிலிருந்து மற்றதற்கே போகிறது. ஒரே கூறுக்குள் விளிம்பே இல்லை. இதைத்தான் இருகூறு அமைப்பு என்கிறார்கள். முதல் பிட்டை மட்டும் மாற்றினால் இரு கூறுகளின் சரங்களும் சோடி சோடியாகச் சேர்ந்துவிடும் என்பதால் இரண்டும் சம அளவுடையவை. புறப்பட்ட முனைக்கே திரும்பும் எந்தச் சுற்றிலும் விளிம்புகள் இரட்டைப்படையாகவே இருக்கும். ஆகவே இதில் முக்கோணமே கிடையாது.

காஸ்மிக் கியூபில் இரட்டைக் கூறிலுள்ள 32 கணினிகளை மட்டும் எடுத்தால் அவற்றுக்கிடையே ஓர் இணைப்பும் இராது. எப்படிப் பொறுக்கினாலும் சரி, 33 கணினிகளை எடுத்தால் நிலைமை தலைகீழாகிறது. பாதிக்கு மேல் முனைகளை எடுத்தால், அவற்றுள் ஏதாவது ஒன்றுக்கு அந்தத் தொகுதிக்குள்ளேயே குறைந்தது √n அண்டைகள் இருந்தே தீரும் என்று ஹாவ் ஹுவாங் 2019-ல் நிறுவினார். √6 சுமார் 2.45, ஆகவே அந்த 33-ல் ஒரு கணினிக்காவது மூன்று அண்டைகள் உறுதி.