பிராட்பேண்ட் படுத்தால் போனில் ஆடலாமா?

கோலார் தங்கவயலில் தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி கேம் ஆடுபவருக்குக் கூரையே முதல் எதிரி. தகரம் அலைகளைத் திருப்பியனுப்பிவிடும். போன் இருக்க வேண்டிய இடம், டவர் பக்கத்து ஜன்னல். சிக்னல் அளவு -110 டிபிஎம்மிலிருந்து -95க்கு ஏறினால் நல்ல முன்னேற்றம்.

டேட்டா பயம் வேண்டாம். ஆட்டத்தின்போது படம் வருவதில்லை. யார் எங்கே, என்ன செய்கிறார் என்ற எண்கள்தான் வரும். பல ஆட்டங்களுக்கு மணிக்கு 100 எம்பிக்குள் முடிந்துவிடும். ஜிபி கணக்கில் விழுங்குவது அப்டேட்.

தாமதம்தான் வில்லன். விண்டோஸ் கணினியில் `ping -t 8.8.8.8` கொடுத்தால் தெரிந்துவிடும். சீராக 60 மில்லிவினாடி என்றால் ஆடலாம். 40, 300 எனத் துள்ளினால் கஷ்டம். அப்போது போனை யுஎஸ்பி கேபிளில் இணைக்க வேண்டும். துள்ளல் அடங்கினால் குற்றவாளி வைஃபை. அடங்காவிட்டால் சிக்னலோ டவர் நெரிசலோ காரணம். நெரிசலைக் கேபிள் தீர்க்காது. கூட்டம் குறைந்த பிறகு ஆடிப் பாருங்கள்.