மொய் நோட்டில் தொலைந்துபோகும் ஊர்ப் பெயர்

மதுரைப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் விருந்து முடிந்து பந்தல் பிரித்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். மொய் நோட்டை ஊர்வாரியாகப் பிரித்து எழுதுவதுதான் அது. மேலே ஊர்ப் பெயர், அதன் கீழே அந்த ஊர்க்காரர்கள், எதிரே தொகை. அடுத்த ஊர் வந்ததும் புதுத் தலைப்பு. நாளை அந்த ஊரிலிருந்து பத்திரிகை வந்தால், யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்க்க இதைவிட வசதியான முறை கிடையாது.

என் சித்தப்பா வீட்டு மொய் நோட்டை எக்செல்லில் ஏற்றித் தரும் வேலை எனக்கு வந்தது. நோட்டில் இருந்தது போலவே தட்டச்சு செய்தேன். ஊர்ப் பெயரை ஒருமுறை மட்டும் அடித்துவிட்டு, கீழே உள்ள கட்டங்களைக் காலியாக விட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. "மேலூர்க்காரங்க மட்டும் எவ்வளவு எழுதியிருக்காங்க, பாரு தம்பி" என்று சித்தப்பா கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. எக்செல் ஒரே ஒருவரின் தொகையைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

அந்த ஷீட்டின் சிறு மாதிரி இது. பெயர்களும் தொகைகளும் விளக்கத்துக்காக எழுதியவை. தலைப்பு 1ஆம் வரியில் இருக்கிறது. 2 முதல் 10 வரை மொய் விவரம்.

| வரி | A: ஊர் | B: பெயர் | C: தொகை |
|---|---|---|---|
| 2 | மேலூர் | கருப்பையா | 1001 |
| 3 | | செல்வி | 501 |
| 4 | | பாண்டி | 2001 |
| 5 | திருமங்கலம் | முத்துலட்சுமி | 501 |
| 6 | | ராமசாமி | 1001 |
| 7 | உசிலம்பட்டி | வீரணன் | 5001 |
| 8 | | ஒச்சம்மாள் | 501 |
| 9 | | தங்கவேல் | 1001 |
| 10 | | மாரியம்மாள் | 501 |

பாண்டி எந்த ஊர் என்று கேட்டால் நாம் உடனே மேலூர் என்போம். கண் மேலே ஓடி, கடைசியாக எழுதிய ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொள்கிறது. எக்செல் அப்படி மேலே பார்ப்பதில்லை. அதற்கு ஒவ்வொரு வரியும் தனி ஆள்; பாண்டியின் வரியில் ஊர் எழுதவில்லை என்றால் பாண்டிக்கு ஊரே இல்லை. மேலூர்த் தொகையைக் கேட்டு இப்படி ஒரு ஃபார்முலா போட்டால்,

```
=SUMIF(A2:A10,"மேலூர்",C2:C10)
```

விடை 1001 என்று வரும். உண்மைத் தொகை 3503. மூன்று ஊருக்கும் இப்படிக் கூட்டினால் 6503தான் தேறும். மொத்த மொய்யோ 12009. ஊர் இல்லாத ஆறு பேரின் 5506 ரூபாய் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

இதையாவது கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய ஆபத்து வரிசைப்படுத்துவதில் இருக்கிறது. தொகை பெரியது முதலில் வரட்டும் என்று C பத்தியை வைத்து வரிசைப்படுத்தினால், 5001 எழுதிய வீரணன் மேலே போவார். அவருடன் உசிலம்பட்டியும் போகும். அடுத்த வரியில் 2001 எழுதிய பாண்டி வந்து உட்காருவார், ஊர்க் கட்டம் காலியாக. பார்ப்பவர் அவரை உசிலம்பட்டிக்காரர் என்றே நினைப்பார். பாண்டியின் ஊரைச் சொன்னது அவர் இருந்த இடம் மட்டுமே; இடம் மாறியதும் அந்தத் தகவல் அழிந்துவிட்டது. அப்படியே சேமித்து மூடிவிட்டால், பழைய நோட்டைப் புரட்டாமல் மீட்க வழியில்லை. அதனால், காலிக் கட்டங்களை நிரப்பிய பிறகுதான் வரிசைப்படுத்தலைத் தொட வேண்டும்.

நிரப்பும் முறை

ஒன்பது வரி என்றால் கையால் இழுத்து நிரப்பிவிடலாம். ஆயிரம் வரி, நூறு ஊர் என்றால் அது ஆகாது. எக்செல்லில் எல்லாக் காலிக் கட்டங்களையும் ஒரே வீச்சில் நிரப்ப முடியும்.

முதலில் A2 முதல் A10 வரை தேர்ந்தெடுங்கள். F5 விசையை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் Special என்பதைச் சொடுக்கி, Blanks என்பதைத் தேர்ந்து OK கொடுங்கள். இப்போது A3, A4, A6, A8, A9, A10 ஆகிய காலிக் கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். வேறெங்கும் சொடுக்காமல் = குறியை அடித்து, மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். முதல் காலிக் கட்டமான A3இல் =A2 என்று தெரியும். வெறும் Enter அழுத்தினால் அந்த ஒரு கட்டம்தான் நிரம்பும். Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு Enter அழுத்துங்கள். ஆறு கட்டங்களும் நிரம்பிவிடும்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் "எனக்கு மேலே இருப்பதை எடுத்துக்கொள்" என்ற ஃபார்முலா உட்கார்ந்திருக்கிறது. A3 மேலூரை A2இலிருந்து வாங்குகிறது. A4 அதை A3இலிருந்து வாங்குகிறது. A5இல் திருமங்கலம் எழுதியிருப்பதால் அங்கே மேலூர்ச் சங்கிலி அறுந்து, A6இலிருந்து புதுச் சங்கிலி தொடங்குகிறது.

வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும் இந்த இடத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. A பத்தியில் இருப்பவை வெறும் எழுத்துகள் அல்ல, மேல் கட்டத்தை நம்பி நிற்கும் ஃபார்முலாக்கள். இந்த நிலையில் தொகைப்படி வரிசைப்படுத்தினால், பாண்டி 3ஆம் வரிக்கு வருவார்; அவருடைய ஃபார்முலாவும் =A2 என்று மாறி, மேலே வந்துவிட்ட வீரணனின் ஊரை வாங்கிக்கொள்ளும். பாண்டி மறுபடியும் உசிலம்பட்டிக்காரர் ஆகிவிடுவார். இந்த முறை காலிக் கட்டம்கூட இல்லாததால் தவறு கண்ணிலேயே படாது.

ஆகவே A2 முதல் A10 வரை மறுபடி தேர்ந்து நகலெடுங்கள். அதே இடத்தில் வலது சொடுக்கி, Paste Special பெட்டியில் Values என்பதைத் தேர்ந்து ஒட்டுங்கள். ஃபார்முலா போய் எழுத்து மட்டும் நிற்கும். ஏதாவது ஒரு கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே =A3 போல இல்லாமல் ஊர்ப் பெயர் தெரிந்தால் சரி. இனி எப்படி வரிசைப்படுத்தினாலும் ஊர் ஆளோடு போகும்.

காலி போலத் தெரியும் கட்டங்கள்

சில சமயம் Blanks கொடுத்ததும் "No cells were found" என்று எக்செல் சொல்லும். கண்ணுக்குக் காலிக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும்போது இந்தச் செய்தி குழப்பும். பெரும்பாலும் அந்தக் கட்டங்களில் யாரோ இடைவெளி விசையைத் தட்டியிருப்பார்கள். நமக்கு அது காலி, எக்செல்லுக்கு அதுவும் ஓர் எழுத்து. வேறொரு காலிக் கட்டத்தில் =LEN(A3) என்று அடித்துப் பாருங்கள். 0 வந்தால் உள்ளே எதுவும் இல்லை; 1 வந்தால் ஒளிந்திருக்கிறது.

எல்லாக் கட்டங்களிலும் இடைவெளி இருந்தால் எச்சரிக்கையாவது வரும். ஒன்றில் மட்டும் இருந்தால் அதுவும் வராது. A8இல் ஓர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காலி என்று எக்செல் கருதாது; விட்டுவிடும். A9 அந்த இடைவெளியை வாங்கும், A10 அதை A9இலிருந்து வாங்கும். உசிலம்பட்டிக்காரர் மூவர் ஊரில்லாமல் நிற்பார்கள்.

இந்தத் தொல்லைக்கு உதவிப் பத்தி நல்ல தீர்வு. D1இல் ஊர் என்று தலைப்பிட்டு, D2இல் இதை எழுதிக் கீழே கடைசி வரை இழுங்கள்:

```
=IF(TRIM(A2)="",D1,A2)
```

A கட்டத்தில் இடைவெளி தவிர வேறொன்றும் இல்லை என்றால் D பத்தியின் மேல் கட்டத்தை எடு, இருந்தால் A கட்டத்தையே எடு என்பது இதன் பொருள். கூகுள் ஷீட்ஸில் Blanks போன்ற தேர்வு கிடையாது. அங்கேயும் இதே ஃபார்முலா வேலை செய்யும். இதுவும் ஃபார்முலாதான் என்பதால் D பத்தியையும் Values ஆக ஒட்டிய பிறகே பழைய A பத்தியை நீக்க வேண்டும்.

இன்னொரு தடை, பல கட்டங்களை ஒன்றாக இணைத்து நடுவில் ஊர்ப் பெயர் எழுதிய ஷீட். அதை முதலில் Unmerge Cells கொடுத்துப் பிரிக்க வேண்டும். நடுவில் தெரிந்த பெயர் மேல் கட்டத்தில் போய் நிற்கும், மற்றவை காலியாகும். பிறகு மேலே சொன்ன முறை.

நிரப்பக் கூடாத காலி

ஒவ்வொரு காலிக் கட்டமும் "மேலே உள்ளதே" என்று சொல்வதில்லை. கவரில் பெயர் மட்டும் எழுதி, ஊர் எழுதாமல் கொடுத்தவர் இருப்பார். அவர் கட்டமும் காலிதான். நிரப்பினால் அவரையும் ஏதோ ஓர் ஊரில் குடியேற்றிவிடுவோம். அப்படிப்பட்டவர்களுக்கு "ஊர் தெரியவில்லை" என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். ஊருக்கு ஊர் கூட்டுத்தொகை வரி போட்டிருந்தால் அதையும் முதலிலேயே நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரிக்கும் ஊர் நிரம்பி, அந்த ஊரின் தொகை இரட்டிப்பாகும். தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பத்தியோடு நிறுத்திக்கொள்வதும் முக்கியம். தொகைப் பத்தியையும் சேர்த்துவிட்டால், தொகை எழுதாமல் விட்ட ஒருவருக்கு மேல் வரிக்காரரின் மொய் ஏறிவிடும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனை. =COUNTBLANK(A2:A10) என்று போட்டால் 0 வர வேண்டும்; நிரப்புவதற்கு முன் இது 6 காட்டியிருக்கும். பிறகு ஊர்வாரித் தொகைகளைக் கூட்டுங்கள். மேலூர் 3503, திருமங்கலம் 1502, உசிலம்பட்டி 7004. மூன்றும் சேர்ந்து மொத்த மொய்யான 12009 வர வேண்டும். இந்தக் கூட்டல் யாரும் விடுபடவில்லை என்று காட்டும். ஊர் மாறிப்போனவரைக் காட்டாது. அதற்கு ஒவ்வொரு ஊரிலும் கடைசி ஆளை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மொய் என்பது வாங்கி வைத்துக்கொள்ளும் பணம் அல்ல, திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. பாண்டி என்ற பெயரில் மேலூரிலும் ஒருவர் இருப்பார், உசிலம்பட்டியிலும் ஒருவர் இருப்பார். வரிசைப்படுத்தும் முன் ஊர்ப் பத்தியை நிரப்பி, Values ஆக ஒட்டிவிடுங்கள். அப்போதுதான் பத்து வருடம் கழித்து அந்த ஷீட்டைத் திறப்பவர், சரியான பாண்டி வீட்டுக் கல்யாணத்தில் சரியான தொகையை எழுதுவார்.