ஸ்டியரிங்கிலிருந்து டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு

"பத்து வருஷமா ஓட்டுறேன் சார், வண்டியில ஒரு கீறல்கூட கிடையாது." சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி. ஊழியர்களை ஏற்றி இறக்கும் கேப் நிறுவனங்களில் சூப்பர்வைசர் வேலை கேட்டு வரும் ஓட்டுநர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் எதிரே இருப்பவரால் அதை எங்கும் எழுதிக்கொள்ள முடியாது. வருஷக் கணக்கு அவருக்குப் போதாது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள், அதற்குள் எத்தனை முறை வண்டி இடிபட்டது என்பதுதான் அவருக்குத் தேவை.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 130 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,250, வருடம் 39,000, ஐந்து வருடத்தில் 1,95,000 கிலோமீட்டர். இந்த எண்ணுக்குச் சாட்சி அவர் கையிலேயே இருக்கிறது. தினமும் தொடக்க ரீடிங்கும் முடிவு ரீடிங்கும் எழுதிக் கொடுத்த ட்ரிப் ஷீட், மாதக் கடைசியில் வந்த பில், சர்வீஸ் ரசீதில் குறித்திருக்கும் ஓடோமீட்டர் எண் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் போதும். பலர் ட்ரிப் ஷீட்டை ஆபீஸில் கொடுத்ததோடு மறந்துவிடுகிறார்கள். வேலை தேடும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

விபத்துக் கணக்குக்கு வருவோம். சொந்த வண்டி வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் ரினியூவல் தாளைக் காட்டலாம். தொடர்ந்து ஐந்து வருடம் க்ளெய்ம் எடுக்காதவருக்கு நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதத்தை எட்டியிருக்கும். ஆனால் அது க்ளெய்ம் எடுக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். கைக்காசு போட்டுப் பம்பரைச் சரிசெய்தது அதில் வராது. வண்டி எண்ணைப் போட்டு echallan.parivahan.gov.in தளத்தில் பார்த்தால் அபராதங்கள் தெரிந்துவிடும். எனவே மறைப்பதில் பயனில்லை. "இந்தத் தேதி, இந்த இடம், ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் தட்டியது. அன்றிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்" என்று இரண்டு சம்பவங்களைச் சொல்பவரை, ஒன்றுமே நடக்கவில்லை என்பவரைவிட நான் அதிகம் நம்புவேன். சூப்பர்வைசர் ஆனபிறகு அவர் தினமும் எழுத வேண்டியது இத்தகைய குறிப்புகளைத்தான்.

வழி தெரியுமா என்பதைச் சோதிக்க ஒரு ரோஸ்டரைக் கையில் கொடுத்தாலே போதும். சோழிங்கநல்லூரில் காலை 6 மணி லாகின். தாம்பரத்தில் ஒரு பெண், சேலையூரில் ஓர் ஆண், மேடவாக்கத்தில் ஒரு பெண், பெரும்பாக்கத்தில் ஓர் ஆண். வரைபடத்தைப் பார்ப்பவர், தூரத்திலிருப்பது தாம்பரம், அங்கிருந்து தொடங்கி வரிசையாக ஏற்றி வரலாம் என்பார். தூரம் குறைவு, கணக்கும் சரி. ஆனால் விடியாத நேரத்தில் அந்தப் பெண் ஓட்டுநரோடு தனியாக வண்டியில் இருப்பார். இரவு நேரத்தில் முதல் பிக்கப்போ கடைசி டிராப்போ பெண்ணாக இருந்தால் வண்டியில் செக்யூரிட்டி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் கண்டிப்பான நடைமுறை. அனுபவசாலி இரண்டு வழி சொல்வார்: தாம்பரத்துக்கே செக்யூரிட்டியோடு வண்டி அனுப்பலாம், இல்லையென்றால் சேலையூர்க்காரரை முதலில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் போய்த் திரும்பலாம். சில கிலோமீட்டர் கூடும். அந்த ஆணுக்குத் தூக்கம் கொஞ்சம் குறையும், அவருக்கு முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கேள்வி மழை. மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையில் தண்ணீர் நின்றால்? பள்ளிக்கரணை போய் ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் பிடிக்கலாம் என்று சட்டென்று தோன்றும். அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டிய பாதைதான், கனமழையில் அங்கேயும் சிக்கல். மாம்பாக்கம் போய்க் கேளம்பாக்கம் வழியாக ஓ.எம்.ஆரில் ஏறுவது பெரிய சுற்று. அந்தச் சுற்றுக்கு எவ்வளவு நேரம் முன்னதாக முதல் பிக்கப்பைத் தொடங்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்பவருக்குத்தான் வழி தெரியும்.

நாற்காலிக்கு வந்தபின் பலர் தடுக்கி விழுவது வேறு இடத்தில். ஓட்டுநர் ஒருவர் வராவிட்டால் தானே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் மற்ற வண்டிகளைக் கவனிக்க ஆள் இல்லை. இன்னொன்று, நேற்றுவரை கூட டீ குடித்தவர் இரவு டிராப் முடித்துவிட்டுக் காலை பிக்கப்பும் கேட்பார், வண்டி டியூ இருக்கிறது என்பார். மறுக்க மனம் வராது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்று 1961-லேயே சட்டம் வகுத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது எப்படியிருக்கும் என்பது அதிகாரியைவிட, ஓட்டி வந்தவருக்கே நன்றாகத் தெரியும்.

இப்போது ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: இன்றைய ட்ரிப் ஷீட்டைக் கொடுக்கும் முன், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.