நாற்பது பேருக்குப் போட்ட கணக்கு

2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார அளவிலான பயிற்சி தமிழகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அட்டையும் கத்தரிக்கோலும் பசையும் பரப்பிக்கிடக்கும் அந்த அறையின் செலவுத் திட்டத்தைப் போடுபவருக்குத்தான் தலைவலி. “தலைக்கு எவ்வளவு?” என்பதே அவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி.

ஒரு மாதிரிக் கணக்கு: 40 ஆசிரியர்கள், 2 நாள், பள்ளியிலேயே இடம். மதிய உணவு, இருவேளைத் தேநீர் நாளொன்றுக்கு 160 ரூபாய். பயணப்படி நாளுக்கு 100. அச்சிட்ட கையேடு, நோட்டு, பேனா 140. ஆக, ஓர் ஆசிரியருக்கு 660 ரூபாய். நாற்பது பேருக்கு 26,400.

செயல்பாட்டுப் பொருள்களையும் இப்படித் தலைக்கணக்கில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. கத்தரிக்கோலை ஐந்து பேர் கொண்ட குழு பகிர்ந்துகொள்ளும். எட்டுக் குழுவுக்கு எட்டுப் பை போதும். பைக்கு 350 என்றால் 2,800 ரூபாய்தான்.

மூன்றாவது வகை, எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. இதில் பெரியது கருத்தாளர் மதிப்பூதியம். இரண்டு கருத்தாளர்களுக்கு நாளுக்கு 1,500 வீதம் 6,000 என்று எழுதிவிடுகிறார்கள். பயிற்சிக்கு முன் அவர்கள் உட்கார்ந்து பாடம் தயாரிக்கும் நாள் ஏட்டில் ஏறுவதே இல்லை. அந்த உழைப்புக்கும் கூலி உண்டு. மூன்று நாளாகப் போட்டால் 9,000. அவர்களுடைய பயணம், அவர்களுக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் சாப்பாடு, புரொஜெக்டர், மைக் வாடகை, பேனர் எல்லாம் சேர்ந்து 5,000. மொத்தம் 14,000.

மூன்றையும் கூட்டினால் 43,200. தலைக்கு 1,080 ரூபாய்.

இனி நடப்பைப் பார்ப்போம். இரண்டு நாளும் வந்தவர்கள் 28 பேர் மட்டும். கையேடு 40 அச்சாகிவிட்டது. முதல் நாள் சமையலும் 40 பேருக்கு முடிந்துவிட்டது. மிச்சமானது வராதவர்களின் பயணப்படியும், ஆளைக் குறைத்துச் சொன்னதால் இரண்டாம் நாள் சாப்பாடும்தான். மொத்தச் செலவு 38,880-க்கு இறங்கினாலும் தலைக்கு ஏறக்குறைய 1,389 ரூபாயாக ஏறிவிடுகிறது. பணத்தை யாரும் தொடவில்லை. ஆனாலும் தணிக்கையில் கேள்வி வரும்.

அப்போது கைகொடுப்பது வருகைப் பதிவேடு. ஒவ்வொரு நாளும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். சாப்பாட்டு ரசீதில் தொகையோடு எத்தனை பேருக்கு என்பதும் இருக்க வேண்டும். வருகை குறைந்த நாளில், சமையலுக்கு எப்போது, எத்தனை பேர் என்று சொல்லப்பட்டது என்பதை அன்றே ஒரு வரியில் குறித்துவையுங்கள்.

முதல் நாள் சமையல் எண்ணிக்கையை முந்தைய நாள் மாலையே தலைமையாசிரியர்களிடம் போனில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வராத 12 பேரும் அப்போதே தெரிந்திருந்தால், 1,920 ரூபாய் சாப்பாடு வீணாகியிருக்காது.