முதற் குளிர்காலம்: உடை, வீட்டு வெப்பம், விற்றமின் டி

ரொறன்ரோவுக்குப் புதிதாக வருவோர் பலர், தடித்த மேலங்கி ஒன்றே போதுமென எண்ணி அதற்கே பெருந்தொகை செலவிடுகின்றனர். உடற்சூட்டைப் பேணுவது துணியின் தடிப்பு மட்டுமன்று. உடைகளுக்கிடையே அடைபடும் காற்றும் ஆகும். எனவே மூன்று அடுக்குகளாக உடுத்துவதே சிறந்தது. தோலை ஒட்டி, கம்பளியாலோ பொலியெஸ்டராலோ ஆன தெர்மல் உள்ளாடை. அதன்மேல் கம்பளிச் சட்டை. வெளியே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மேலங்கி. நமக்குப் பழக்கமான பருத்தி உள்ளாடை இங்கு உதவாது. அது வியர்வையை உறிஞ்சி, ஈரமாகவே உடலோடு ஒட்டியிருந்து குளிரூட்டும்.

அதிகாலையில் ஸ்காபரோவில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவரை எண்ணிப்பாருங்கள். வெப்பநிலை -20 பாகை. காற்று மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது. அவரது தோல் உணரும் குளிரோ -30 பாகைக்கு ஒப்பானது. அந்நிலையில் மூடப்படாத காது, மூக்கு, விரல்கள் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். தோல் சிவப்பதைக் கவனிக்குமாறு பலரும் கூறுவர். கருநிறத் தோலில் அது எளிதில் தெரியாது. உணர்விழத்தல், மெழுகுபோல் வெளிறுதல், சாம்பல் நிறமாதல் ஆகியவையே நமக்குரிய அடையாளங்கள். அவ்விடத்தைத் தேய்க்காமல், இளஞ்சூட்டு நீரில் வைத்து, மருத்துவ உதவி பெறுங்கள்.

பேருந்தில் ஏறியதும் தொப்பியைக் கழற்றி மேலங்கியைத் திறந்துவிடுதல் வேண்டும். உள்ளே வியர்த்தால், இறங்கியதும் அவ்வீரமே குளிரும். இறுக்கமான சப்பாத்தினுள் இரண்டு காலுறைகள் அணிவதும் தவறு. இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் குளிரும்.

குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பம் 21 பாகைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது மாநகரசபையின் விதி. வீட்டு உரிமையாளர் வெப்பத்தை வழங்கும் வீடுகளில் அது குறையுமாயின், வெப்பமானியின் அளவை நாள், நேரத்துடன் குறித்து அவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பயனில்லையேல் 311 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சமையல் அடுப்பையோ கரியடுப்பையோ எரித்து அறையைச் சூடாக்க வேண்டாம். அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு மணமற்றது. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

நவம்பர் முதல் பெப்ரவரி வரை, வானம் தெளிவாக இருந்தாலும் இங்குள்ள வெயிலால் தோலில் விற்றமின் டி போதிய அளவு உருவாவதில்லை. கருநிறத் தோலுக்கு வேனிலிலும் கூடுதல் வெயில் தேவை. 70 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்கு 600 அனைத்துலக அலகும், அதற்கு மேற்பட்டோருக்கு 800 அலகும் தேவை. கனடாவில் விற்கப்படும் பசும்பாலில் விற்றமின் டி சேர்க்கப்பட்டுள்ளது. கொழுப்புள்ள மீனிலும் உண்டு. தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு நாள்தோறும் 400 அலகு சொட்டுமருந்தாகக் கொடுக்கப்படுகிறது. வளர்ந்தோர் மாத்திரை, உணவு இரண்டையும் சேர்த்து 4,000 அலகைத் தாண்டலாகாது. சிறுநீரக நோயுள்ளோர் குடும்ப வைத்தியரைக் கேட்ட பின்னரே மாத்திரையைத் தொடங்குதல் வேண்டும்.